ஏப்ரன் மட்டும்தான் தாமதம்: அதை மட்டும் எழுதுங்கள்

கேள்வி: கரூரில் சிறிய அளவில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறோம். ஹாம்பர்க் பையருக்கு 9,000 செட் கிச்சன் டவல் (செட் 3.20 டாலர்), 4,000 சிவப்பு ஏப்ரன் (ஒன்று 4 டாலர்), மொத்தம் 44,800 டாலர். எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, ஒரே இருபதடி கன்டெய்னர். எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதி ஜூன் 20. பார்ஷியல் ஷிப்மென்ட் கிடையாது. டவல் பேக்கிங் வரை வந்துவிட்டது. ஏப்ரன் துணி மட்டும் ஈரத் தேய்ப்பு டெஸ்டில் 2 வந்திருக்கிறது, 3 வேண்டும். திரும்பச் சாயப்பட்டறைக்குப் போயிருக்கிறது. ஏப்ரன் ஜூலை 1க்கு முன்னால் முடியாது. இன்று ஜூன் 3. பையருக்கு என்ன எழுதுவது? மொத்த பில்லில் 5 சதவீதம் கழித்துத் தருகிறேன் என்று சொல்லிவிடலாமா? நீங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தால் மகள் ஆங்கிலத்தில் போட்டுத் தருவாள்.

பதில்: 5 சதவீதப் பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். 44,800 டாலரில் 5 சதவீதம் 2,240 டாலர். அதில் பெரும்பகுதி, நேரத்துக்குத் தயாராகிவிட்ட டவலுக்காகப் போகிற பணம். டவலுக்கும் சேர்த்து நீங்களே கழிவு சொன்னால் முழு ஆர்டரும் தாமதம் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. பையர் அதை ஆரம்ப விலையாக எடுத்துக்கொண்டு 10 கேட்பார்.

தாமதம் ஏப்ரனுக்கு மட்டும்தான். மெயிலின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படியே இருக்க வேண்டும். ஆனால் வாயால் சொன்னால் போதாது. டவல் உண்மையிலேயே நேரத்துக்குக் கப்பல் ஏற வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பது, பையரின் வங்கி உங்களுக்குத் தந்திருக்கிற பண உறுதிக் கடிதமான எல்.சி.யின் ஒரு வரி. அதனால் மெயில் எழுத உட்காருவதற்கு முன்னால் எல்.சி.யை எடுத்து மேசையில் வையுங்கள்.

அதில் 43P என்ற எண்ணுக்கு நேரே NOT ALLOWED என்று இருக்கும். பகுதி பகுதியாக அனுப்பக் கூடாது என்பது அதுதான். 44C கடைசி ஷிப்மென்ட் தேதி, 31D எல்.சி. முடியும் தேதி. பையர் தன் வங்கியில் சொல்லி மாற்ற வேண்டியவை இந்த மூன்றும்தான். தொகை, விலை, சரக்கு விவரம் எதையும் தொட வேண்டாம். கேட்கிற மாற்றம் கூடக் கூட, அங்கே வங்கியில் கேள்விகளும் கூடும், நாளும் கூடும். மெயிலோடு இந்த மூன்று வரியை அப்படியே அனுப்புங்கள்:

```
44C : 260722
31D : 260812 INDIA
43P : ALLOWED
```

தேதிகள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கின்றன: 2026 ஜூலை 22, ஆகஸ்ட் 12. சரக்கு ஏறிய நாளிலிருந்து 21 நாளைக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுத்துவிட வேண்டும் என்பது, எல்.சி.களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பான யு.சி.பி. 600இன் பொது விதி. எல்.சி. முடிகிற நாளையும் தாண்டக் கூடாது. ஜூலை 22ஓடு 21 நாளைக் கூட்டினால் ஆகஸ்ட் 12. இரண்டு தேதியையும் சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும். ஷிப்மென்ட் தேதியை மட்டும் நகர்த்தச் சொல்லிவிட்டு, எல்.சி. முடியும் தேதியை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் சரக்கு கப்பல் ஏறியதற்கான ஆவணமான பி.எல். கைக்கு வருகிறபோது வங்கிக்கு ஓட இரண்டு நாள்தான் மிச்சம் இருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். ஏப்ரன் தனியாகப் போனால் கன்டெய்னரை நிரப்பாது, மற்றவர்களின் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் சேர்ந்து போகிற எல்.சி.எல். சரக்காகத்தான் போகும். அப்போது பெரும்பாலும், பலர் சரக்கைச் சேர்த்து அனுப்புகிற கன்சாலிடேட்டர் தன் பெயரில் தருகிற ஹவுஸ் பி.எல்.தான் கைக்கு வரும். எல்.சி.யில் 46A ஆவணப் பட்டியலிலோ 47A நிபந்தனைகளிலோ ‘ஃபார்வர்டர் பி.எல். ஏற்கப்படாது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அதையும் நான்காவது மாற்றமாகச் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இங்கேதான் சிறிய ஏற்றுமதியாளர்கள் அடி வாங்குகிறார்கள். பையர், “நோ ப்ராப்ளம், அனுப்புங்கள்” என்று மெயில் போடுவார். அதை நம்பி ஜூலையில் ஏற்றினால், வங்கி அந்த மெயிலைப் பார்க்காது. பி.எல்.லில் உள்ள ஆன் போர்டு தேதியைப் பார்க்கும். ‘லேட் ஷிப்மென்ட்’ என்று குறை எழுதும். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் பணம் வங்கியின் பொறுப்பில் இல்லை. குறையை மன்னித்துப் பணம் விட பையர் சம்மதிக்க வேண்டும். சந்தை மந்தமாக இருந்தால் அந்தச் சம்மதத்துக்கு அவர் விலை கேட்பார். பி.எல். தேதியைக் கொஞ்சம் முன்னால் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கன்டெய்னர் எண்ணைப் போட்டால் அது எந்த நாள் கப்பல் ஏறியது என்பது யாருக்கும் தெரிந்துவிடும். தாமதம் மன்னிக்கக் கூடியது. பொய்த் தேதி மோசடி.

தேதிகள்

உங்கள் கையில் இப்போது மூன்று தேதிகள் இருக்க வேண்டும். மூன்றும் வேறு வேறு ஆட்களுக்கு.

முதலாவது தேதி உங்கள் யூனிட்டுக்கு. பட்டறையிலிருந்து துணி 9ஆம் தேதி வருகிறது, லேப் ரிப்போர்ட் 12ஆம் தேதி, 13ஆம் தேதி கட்டிங் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 300 ஏப்ரன் தைத்தால் 4,000க்கு 14 வேலை நாள். ஞாயிறுகளைக் கழித்தால் ஜூன் 29இல் முடியும். செக்கிங், பேக்கிங் ஜூலை 1. பையரின் இன்ஸ்பெக்ஷன் ஜூலை 2. நீங்கள் சொன்ன கணக்கோடு இது பொருந்துகிறது.

இரண்டாவது தேதி பையருக்கு. சரக்கு முடிகிற தேதியை மெயிலில் எழுதாதீர்கள். பையருக்குத் தேவை கப்பல் தேதி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு உங்கள் லைனின் சிறிய இணைப்புக் கப்பலான ஃபீடர் புதன்கிழமை தோறும் என்று எடுத்துக்கொள்வோம்; உண்மை அட்டவணையை ஃபார்வர்டரிடம் வாங்கி அதன்படி நகர்த்திக்கொள்ளுங்கள். ஜூலை 2 இன்ஸ்பெக்ஷன் முடிந்தால் ஜூலை 8 கப்பல் பிடிக்கலாம் போலத் தோன்றும். பிடிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்.சி.எல். சரக்கு சி.எஃப்.எஸ். கிடங்கில் இறங்க வேண்டும், மற்றவர்களின் சரக்கோடு சேர்த்துக் கன்டெய்னரில் அடுக்க வேண்டும். அதனால் அதற்குக் கட்-ஆஃப், முழு கன்டெய்னரைவிடச் சில நாள் முன்னாலேயே வரும். ஜூலை 8 கப்பலுக்கு ஜூலை 3ஆம் தேதியே இறக்கச் சொல்வார்கள். அப்போது உங்கள் கையில் ஒரு நாள்கூட மிச்சம் இருக்காது. எனவே மெயிலில் ஜூலை 15.

மூன்றாவது தேதி வங்கிக்கு: ஜூலை 22. ஜூலை 15 கப்பல் ஏதோ காரணத்தால் நம் சரக்கை விட்டுவிட்டுப் போனாலும் அடுத்த புதன் கப்பல் எல்.சி.க்குள் அடங்கும். ஃபீடரில் இடம் இல்லை என்று கடைசி நேரத்தில் தள்ளிவிடுவது நடப்பதுதான். அதற்காக இரண்டாம் முறை எல்.சி. திருத்தம் கேட்கப் போவது, முதல் தாமதத்தைவிட மோசமான பெயரை வாங்கித் தரும்.

ஹாம்பர்க் போய்ச் சேரும் தேதியை வாக்காகக் கொடுக்காதீர்கள். எஃப்.ஓ.பி.யில் கப்பல் பையரின் ஃபார்வர்டர் புக் செய்தது. கொழும்பிலிருந்து பெரிய கப்பல் சூயஸ் வழியாகப் போகிறதா, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகிறதா என்பதிலேயே பத்துப் பதினான்கு நாள் கூடும், குறையும். ‘வருகைத் தேதியை உங்கள் ஃபார்வர்டர் உறுதி செய்வார்’ என்று விட்டுவிடுங்கள்.

தேதிகளை எண்ணில் மட்டும் எழுதவும் வேண்டாம். 8/7 என்றால் ஒரு நாட்டில் ஜூலை 8, இன்னொரு நாட்டில் ஆகஸ்ட் 7. மாதப் பெயரை எழுத்தில் போட்டு, கிழமையும் சேர்க்கச் சொல்லுங்கள் மகளிடம். கிழமை எழுதும்போது ஞாயிற்றுக்கிழமை கட்-ஆஃப் மாதிரியான தவறுகள் நம் கண்ணிலேயே பட்டுவிடும்.

காரணம் எவ்வளவு சொல்வது

‘தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று ஆரம்பிக்கிற மெயிலைப் படித்ததும், நூல் வாங்கப் பணம் இல்லை போலிருக்கிறது என்று பையர் நினைப்பார். ‘சாயப்பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டார்’ என்பதும் வேண்டாம். பட்டறையைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். ஃபோர்ஸ் மெஜூர் என்ற வார்த்தையைத் தொடவே தொடாதீர்கள். சாயம் சரியாகப் பிடிக்காதது இயற்கைச் சீற்றம் இல்லை.

உங்கள் காரணம் உண்மையில் உங்களுக்குச் சாதகமானது. அடர் சிவப்புப் பருத்தித் துணியில் இழைக்குள் பிணையாத சாயம் மேலே தங்கிவிடும். அதைச் சோப்புக் கரைசலில் கழுவி எடுக்கிற சோப்பிங் போதாவிட்டால் உலர்ந்த தேய்ப்பில் 4 வரும், ஈரத் தேய்ப்பில் 2க்கு இறங்கிவிடும். ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறவரின் கை எப்போதும் ஈரம். அதே செட்டில் வருகிற வெளிர் நிற டவலிலும், அவர் உடுத்தியிருக்கிற சட்டையிலும் சிவப்பு ஏறும். அந்தச் சரக்கு கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் பையருக்கு ஆகிற நஷ்டத்தோடு பார்த்தால் மூன்றரை வாரம் சிறியது. இதை நீங்கள் வாதமாக எழுத வேண்டாம். டெஸ்ட் எண், கிடைத்த மதிப்பு, வேண்டிய மதிப்பு மூன்றையும் ஒரே வரியில் வைத்து, ஃபெயில் ஆன ரிப்போர்ட்டை இணையுங்கள். அவரே புரிந்துகொள்வார். கெட்ட ரிப்போர்ட்டை இணைக்கத் தயங்காதீர்கள். ‘இவர்கள் டெஸ்ட் செய்கிறார்கள், மறைக்கவில்லை’ என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

ஒரு எச்சரிக்கை. பட்டறையில் சோப்பிங்கைச் சரியாகச் செய்யாமல் பிக்சிங் கெமிக்கலை மட்டும் அள்ளிப் போட்டு 3 காட்டிவிடலாம். இரண்டு துவைப்பில் அது கழன்றுவிடும். நிறமும் கொஞ்சம் மங்கலாக மாறும். கொதிநிலைக்கு அருகில் இரண்டு முறை சோப்பிங், நன்றாக அலசல், பிறகே ஃபார்மால்டிஹைட் இல்லாத பிக்சர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். துணி வந்ததும், பையர் ஒப்புதல் தந்த நிற மாதிரியான லேப் டிப்போடு, பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கின் கீழ் வைத்து நிறம் பாருங்கள். ஒரு முறை துவைத்த துண்டையும் சேர்த்து லேபுக்கு அனுப்புங்கள். 12ஆம் தேதி ரிப்போர்ட் வராமல் கத்தரி வைக்கக் கூடாது.

நல்லெண்ணமாக என்ன தருவது

பையருக்கு எது வலிக்கும் என்று யோசியுங்கள். கடையில் டவலும் ஏப்ரனும் ஒரே வடிவமைப்பில் சேர்ந்து நிற்க வேண்டும். டவல் வந்து ஏப்ரன் வராவிட்டால் அந்த ரேக் பாதி காலி. 4,000 ஏப்ரனும் முதல் நாளே தேவைப்படாது; எல்லாக் கடையிலும் சில சில நின்றால் விற்பனை தொடங்கிவிடும். எனவே 600 ஏப்ரனை உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள்.

கணக்கு இப்படி. ஒரு பெட்டிக்கு 40 ஏப்ரன், 15 பெட்டி. பெட்டி 60க்கு 40க்கு 30 செ.மீ. என்றால் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் 12 கிலோ. தராசில் பத்துக் கிலோதான் நிற்கும். ஆனால் விமானத்தில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஆக 180 கிலோ. கிலோ 300 ரூபாய் என்று வைத்தால் 54,000 ரூபாய். உண்மை விலையை இரண்டு ஃபார்வர்டர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை 25 செ.மீ. உயரத்துக்கு அழுத்திக் கட்ட முடிந்தால் 10 கிலோ ஆகிவிடும். 30 கிலோ காசு மிச்சம். ஏப்ரன் மடிப்புக்கு அது தாங்கும்.

அவசரப்பட்டு ஜூன் நடுவில் முதல் 600ஐத் தைத்ததும் பறக்கவிட வேண்டாம். டவல் ஜூன் 17 கப்பலில் போனாலும் ஹாம்பர்க் சேர ஜூலை கடைசி வாக்கில் ஆகும். ஏப்ரன் அதற்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றால் போதும். மொத்த இன்ஸ்பெக்ஷன் ஜூலை 2 முடிந்த பிறகு, ஜூலை 10க்குள் ஏற்றினால் சரியாக இருக்கும். தனி இன்ஸ்பெக்ஷனுக்குக் காசும் இல்லை.

இந்த 600க்கு எல்.சி.யில் பணம் எடுக்க முடியாது. எல்.சி. கடல்வழி பி.எல். கேட்கிறது, உங்கள் கையில் இருப்பது ஏர்வே பில். அதனால் 2,400 டாலருக்குத் தனி இன்வாய்ஸ், 30 நாளில் டி.டி., அதாவது வங்கிக் கணக்குக்கு நேரடிப் பணப் பரிமாற்றம் என்று கேளுங்கள். அந்த 2,400க்கு வங்கிப் பாதுகாப்பு இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 43P மாறிவிட்டால் எல்.சி.யில் மிச்சம் 3,400 ஏப்ரன் மட்டும் காட்டுவது பிரச்சினை ஆகாது. அதுவும் ஒரு பகுதி ஷிப்மென்ட்தான்.

அடுத்தது, சரக்கைப் பிரித்ததால் பையருக்கு வருகிற கூடுதல் செலவு. எஃப்.ஓ.பி. என்பதால் கடல் ஃபிரெய்ட் அவர் தலையில். 85 பெட்டி, சுமார் 6 கன மீட்டர் எல்.சி.எல்.லுக்கும் ஹாம்பர்க் இறக்கு கட்டணத்துக்கும் அவர் புதிதாகக் கட்ட வேண்டும். ‘கூடுதல் செலவை நாங்கள் ஏற்கிறோம்’ என்று திறந்து எழுதினால் எவ்வளவு பில் வரும் என்று தெரியாது. விலை விசாரித்து ஒரு நிலைத் தொகையாகச் சொல்லுங்கள். இங்கே 600 டாலர் என்று வைத்திருக்கிறேன். அதை விமானச் சரக்கின் இன்வாய்ஸில் தனி வரியாகக் கழித்து 1,800 டாலருக்குப் போடுங்கள். ஷிப்பிங் பில் போடுவதற்கு முன்பே இன்வாய்ஸில் அந்த வரி இருக்க வேண்டும், சுங்க ஏஜென்டான சி.எச்.ஏ.யிடமும் வங்கியிடமும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். சரக்கு போன பிறகு கழிவு கொடுத்தால் ஷிப்பிங் பில்லில் ஒரு தொகை, வங்கிக்கு வந்தது ஒரு தொகை என்று ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கிற ஈ.டி.பி.எம்.எஸ்.ஸில் பாக்கி நிற்கும். வங்கி ஒப்புதல் வாங்கி, ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைத்த தீர்வையான டிராபேக்கிலும் அந்த விகிதத்தைத் திருப்பிக் கட்டி அதை மூட அலைய வேண்டியிருக்கும்.

டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 600 டாலர் 54,000. விமானத்தோடு சேர்த்து ஒரு லட்சத்து எட்டாயிரம். எல்.சி. திருத்தக் கட்டணம் தனி. நீங்கள் நினைத்த 5 சதவீதம் இரண்டு லட்சத்துக்கு மேல். பாதிச் செலவில் பையரின் ரேக் நிரம்பிவிடுகிறது.

உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தையும் ஒரு முறை படியுங்கள். தாமதத்துக்கு வாரம் இத்தனை சதவீதம் என்று அபராத வரி இருந்தால், நீங்கள் தருவது அதற்குப் பதிலாக என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் இதையும் வாங்கிக்கொண்டு அதையும் பிடிப்பார்கள்.

மெயில்

> பொருள்: ஆர்டர் எண் ____: டவல் ஜூன் 17 கப்பலில், ஏப்ரன் ஜூலை 15க்கு மாற்றம், ஜூன் 8க்குள் உங்கள் முடிவு தேவை
>
> திரு. ____ அவர்களுக்கு,
>
> 9,000 செட் டவல் தயார். ஜூன் 17, புதன் கப்பலில் ஏற்ற முடியும். 4,000 ஏப்ரன் ஜூன் 20க்குள் ஏறாது. அவற்றுக்கான புதிய கப்பல் தேதி ஜூலை 15, புதன். இந்தத் தாமதத்துக்கு நாங்களே பொறுப்பு, வருந்துகிறோம்.
>
> காரணம்: ஏப்ரனின் சிவப்புத் துணி ஐ.எஸ்.ஓ. 105-எக்ஸ்12 ஈரத் தேய்ப்புச் சோதனையில் 2 பெற்றது. ஒப்பந்தப்படி 3 வேண்டும். சாயம் டவலில் ஒட்டும் என்பதால் இந்தத் துணியை வெட்டவில்லை. துணி மறுபடி சோப்பிங் செய்யப்படுகிறது. புதிய ரிப்போர்ட் ஜூன் 12, வெள்ளியன்று உங்களுக்கு வரும். அதில் 3 வந்த பிறகே வெட்டுவோம். முதல் ரிப்போர்ட் இணைப்பில் உள்ளது.
>
> ஏப்ரன் அட்டவணை: தையல் முடிவு ஜூன் 29, திங்கள், இன்ஸ்பெக்ஷன் ஜூலை 2, வியாழன், கப்பல் ஜூலை 15, புதன். ஹாம்பர்க் வருகைத் தேதியை உங்கள் ஃபார்வர்டர் உறுதி செய்வார்.
>
> எங்கள் செலவில் நாங்கள் தருபவை: (அ) 600 ஏப்ரன் ஜூலை 10க்குள் விமானத்தில், டவல் வரும்போது அவையும் உங்களிடம் இருக்கும். இவற்றுக்குத் தனி இன்வாய்ஸ், 30 நாளில் டி.டி. (ஆ) ஏப்ரனைத் தனியாக அனுப்புவதால் ஆகும் கூடுதல் செலவுக்காக 600 டாலர் நிலைத் தொகை, அதே இன்வாய்ஸில் கழிக்கப்படும். (இ) இரு தரப்பு வங்கிகளின் எல்.சி. திருத்தக் கட்டணம். இவை ஆர்டரில் உள்ள தாமத அபராதத்துக்குப் பதிலாக வழங்கப்படுகின்றன.
>
> உங்களிடம் கேட்பவை: ஜூன் 8, திங்களுக்குள் ஒப்புதல், இணைப்பில் உள்ள மூன்று மாற்றங்களுடன் எல்.சி. திருத்தம் ஜூன் 12, வெள்ளிக்குள் எங்கள் வங்கிக்கு. அதற்குள் திருத்தம் வராவிட்டால் டவலைத் தனியாக ஏற்ற இயலாது, எல்.சி. திருத்தம் வந்த பிறகு இரண்டும் ஒரே கன்டெய்னரில் ஜூலை 15 புறப்படும். அப்போது (ஆ) பொருந்தாது. (அ), (இ) தொடரும்.
>
> நாளை உங்கள் நேரம் காலை 10 மணிக்கு அழைக்கிறேன்.

ஆங்கிலத்தில் போடும்போது இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நலம் விசாரிப்பு, ‘உங்கள் மேலான ஆதரவு’ எல்லாம் மேலே ஏறினால், கைபேசியில் மெயிலைத் திறக்கிறவருக்கு முதல் திரையில் தேதியே தெரியாது. மன்னிப்பு ஒரு முறை போதும். மூன்று முறை கேட்டால், இன்னும் சொல்லாத விஷயம் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். கடைசிப் பத்தியின் ‘திருத்தம் வராவிட்டால்’ வரியை மிரட்டல் மாதிரி இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். ஜூன் 17 கப்பலுக்கு ஜூன் 15 திங்கள் வாக்கில் கட்-ஆஃப் என்றால், வெள்ளிக்குப் பிறகு உங்களால் எதுவும் செய்ய முடியாது. அதை அவர் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நாளை, ஜூன் 4 வியாழன், நம் நேரம் பன்னிரண்டரை மணிக்கு அனுப்புங்கள். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை ஒன்பது. ஃபார்வர்டரையும் இன்ஸ்பெக்ஷன் ஏஜென்சியையும் இந்த மெயிலில் சிசி போடாதீர்கள். பையர் ஒப்புக்கொண்ட பிறகு தேதிகளை மட்டும் அவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். ஏற்றுமதிக்கு முன்கடனாகப் பேக்கிங் கிரெடிட் வாங்கியிருந்தால் உங்கள் வங்கிக்கும் புதிய தேதியைச் சொல்லுங்கள்; கெடு முடிந்த பிறகு போய் நின்றால் வட்டி ஏறும்.

திங்கள்கிழமை பதில் எந்த விதமாகவும் வரலாம். அவர் 600 போதாது, 1,000 ஏப்ரன் விமானத்தில் வேண்டும் என்றால் கூடுதல் 400க்கு 10 பெட்டி, 120 கிலோ. பாதிச் செலவை அவர் ஏற்கட்டும் என்று கேட்கலாம். மொத்த பில்லில் 10 சதவீதம் கேட்டால், டவல் நேரத்துக்குப் போகிறது என்பதைச் சொல்லி, பேச்சை ஏப்ரனின் 16,000 டாலருக்குள் கொண்டுவாருங்கள். ஏப்ரனையே ரத்து செய்கிறேன் என்றால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். துணி இன்னும் வெட்டப்படவில்லை என்பது இப்போது உங்களுக்கு உதவும். எத்தனை எண்ணிக்கையில் தொடரலாம் என்று கேளுங்கள். 2,000க்கு இறங்கினாலும் தையல் ஒரு வாரம் முன்னால் முடிந்துவிடும்.

எல்.சி. திருத்தம் வந்ததும் கையில் வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். 43P மாறி, 44C மாறி, 31D பழையபடியே நிற்கலாம். அல்லது நீங்கள் கேட்காத ஒரு புதிய நிபந்தனை உள்ளே நுழைந்திருக்கலாம். ஒரு திருத்தத்தில் பிடித்ததை மட்டும் ஏற்று மற்றதை விடுவது யு.சி.பி.யில் செல்லாது, மொத்தமாக ஏற்க வேண்டும், இல்லையென்றால் மறுத்துவிட்டுப் புதியது கேட்க வேண்டும். சரியாக இருந்தால் ஏற்றுக்கொண்டதாக வங்கிக்கு அன்றே எழுத்தில் கொடுங்கள். டவல் லாரி கரூரை விட்டுக் கிளம்புவது அந்தக் கடிதத்துக்கு வங்கி முத்திரை வாங்கிய பிறகு.